எஸ்ஏபியில் வெண்டார் ரீகான்: FBL1N-உம் அட்ஜஸ்ட்மென்ட் கணக்கும், நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

எஸ்ஏபி இருந்தால் வெண்டார் லெட்ஜருக்கும் ஜி.எல்.லுக்கும் வித்தியாசமே வராது என்று பெங்களூரு அக்கவுண்ட்ஸ் அலுவலகங்களில் பலரும் நம்புகிறார்கள். அது பாதி உண்மை. ரீகான்சிலியேஷன் கணக்கில் நேரடியாக என்ட்ரி போட முடியாது. வெண்டார் மேல் போடுவதுதான் அதில் வந்து விழும். இந்தப் பூட்டு வருஷக்கணக்காக நம்பிக்கையாக உழைக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூட்டு இருப்பதால்தான் பக்கத்தில் 'டிரேட் பேயபிள்ஸ் அட்ஜஸ்ட்மென்ட்' என்று இன்னொரு ஜி.எல். திறக்கப்படுகிறது. பேலன்ஸ் ஷீட்டில் இரண்டும் ஒரே வரியாகக் கூடிவிடும். ரீகான் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு 'டேலி ஆகிவிட்டது' என்று டிக் போட்டால், பார்க்க வேண்டியதைப் பார்க்கவே இல்லை.

பீன்யாவில் இருப்பது போன்ற ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்கை மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 அன்று பேலன்ஸ் ஷீட் வரி ரூ.4,82,63,700. அதே தேதியை கீ டேட்டாகக் கொடுத்து, வெண்டார் வரிகளைப் பட்டியலிடும் FBL1N-இல் ஓபன் ஐட்டம்ஸ் எடுத்தால் ரூ.4,61,85,000. வித்தியாசம் ரூ.20,78,700.

FBL1N-இல் மக்கள் தடுக்கி விழும் இடம் தேர்வுத் திரைதான். Special G/L transactions டிக் செய்திருந்தால் வெண்டார் அட்வான்ஸும் மொத்தத்தில் கழிந்து வரும். அது உட்காருவதோ வேறு ஜி.எல்.லில். Noted items டிக் செய்தால் ஜி.எல்.லைத் தொடாத அட்வான்ஸ் கோரிக்கைகளும் சேர்ந்துவிடும். ஆகவே இரண்டாவதை எடுத்துவிட்டு, முதலாவதை வைத்துக்கொண்டு, லேஅவுட்டில் G/L Account காலத்தைச் சேர்த்து அதன்படி சப்டோட்டல் போட வேண்டும். நம் கணக்கில் அப்படிப் பிரித்ததும் அட்வான்ஸ் ரூ.7,25,000 டெபிட்டாகத் தனியே நிற்கிறது. மீதி ரூ.4,69,10,000, ரீகான் கணக்கோடு பைசா பிசகாமல் சேர்கிறது. இது வித்தியாசமே இல்லை, பட்டியல் எடுத்த விதம்.

மிச்சம் ரூ.13,53,700. அது முழுவதும் அட்ஜஸ்ட்மென்ட் கணக்கில் கிரெடிட்டாக இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் தப்பு என்று நினைக்க வேண்டாம். ரீகான் கணக்கில் போட முடியாததால் வெளிநாட்டு நாணய மறுமதிப்பீடு (FAGL_FC_VAL) இங்கேதான் வரும்: ரூ.3,10,000. டெபிட் பேலன்ஸில் உள்ள வெண்டார்களைச் சொத்துப் பக்கம் மாற்றும் ரீகுரூப்பிங்கும் இங்கேதான்: ரூ.6,40,000. இந்த இரண்டையும் மறுநாளே ரிவர்ஸ் ஆகும்படி அமைப்பது வழக்கம். அந்த அமைப்பு இருக்கும் இடத்தில் நான் மிகவும் நம்பும் சோதனை ஒன்று உண்டு: ஏப்ரல் 1 தேதியிட்ட இந்தக் கணக்கின் பேலன்ஸைப் பாருங்கள். பூஜ்யமாக வேண்டும். ரிவர்ஸ் ஆகாமல் எது நிற்கிறதோ, அது கையால் போட்டது. நம் கணக்கில் ரூ.4,03,700 நிற்கிறது.

அந்த டாகுமென்டின் ஹெட்டரில் (BKPF) நான்கு புலங்கள் போதும். போஸ்டிங் தேதியான BUDAT மார்ச் 31, உண்மையில் என்ட்ரி ஏற்றிய தேதியான CPUDT ஏப்ரல் 7. USNAM-இல் போட்டவர் பெயர். பார்க் செய்தவர் பெயர் வரும் PPNAM காலி, அதாவது பார்க் செய்து இன்னொருவர் பார்த்துப் போட்டதல்ல. டாகுமென்ட் வகை SA, டெக்ஸ்ட் 'diff adj', எதிர்க்கணக்கு ஃபிரைட் இன்வர்ட். ஆடிட்டர்கள் பெரும்பாலும் ரவுண்டு தொகையைத்தான் முதலில் தேடுவார்கள். என் கருத்தில் அதைவிடப் பலமான அடையாளம், தொகை ஏதாவது ஒரு வித்தியாசத்தோடு ரூபாய்வரை ஒத்துப்போவது. இங்கே லாரி டிரான்ஸ்போர்ட்டர் அனுப்பிய ஸ்டேட்மென்ட் நம் லெட்ஜரைவிட மிகச்சரியாக ரூ.4,03,700 கூடுதல். காரணம் தேடாமல், வித்தியாசத்தையே செலவாக்கி அடைத்திருக்கிறார்கள்.

அடுத்த வேலை, ஸ்டேட்மென்டை வரிவரியாக நம் லெட்ஜரோடு வைத்துப் பார்ப்பது. மார்ச் கடைசி வாரம் ஓசூரிலிருந்து வந்த லோடுகளின் பில்கள் ரூ.2,90,200, ஏப்ரலில்தான் பதிவாகியிருக்கின்றன. எல்.ஆர். தேதியும் கேட் என்ட்ரியும் மார்ச் என்பதால் இது மார்ச் செலவுதான். மீதி ரூ.1,13,500, மார்ச் 28 அன்று கொடுத்த செக். அவர்கள் புத்தகத்தில் ஏப்ரலில் ஏறியது. இதற்கு நம் புத்தகத்தில் என்ட்ரியே தேவையில்லை.

கணக்கு இன்னும் மூடவில்லையென்றால் ரூ.4,03,700 முழுவதையும் ரிவர்ஸ் செய்து, ரூ.2,90,200-க்கு மட்டும் ஃபிரைட் டெபிட், செலவு ப்ரொவிஷன் கிரெடிட் போட வேண்டும். செலவு ரூ.1,13,500 குறையும். பழைய என்ட்ரியை அப்படியே விட்டால் ஏப்ரலில் பில் பதிவாகும்போது அதே ஃபிரைட் இரண்டாம் முறை செலவாகும். ஷெட்யூல் III கேட்கும் பேயபிள்ஸ் ஏஜிங்கிலும் அந்தத் தொகைக்கு வெண்டார் பெயரும் பில் தேதியும் இருக்காது; எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாமல் 'ஒரு வருஷத்துக்குள்' என்பதில் தள்ளியிருப்பார்கள். FBL1N-இலிருந்து எடுத்த ஏஜிங் மொத்தமும் நோட்ஸில் உள்ள மொத்தமும் எந்தத் தொகைக்கு விலகுகின்றன என்று பார்த்தால், அட்ஜஸ்ட்மென்ட் கணக்கைத் திறக்காமலே இதைப் பிடித்துவிடலாம்.