பின்னணி முதலில், பாட்டில் அப்புறம்: ரே டிரேசிங்கும் ஏஐ படமும், இரண்டு வருட அனுபவம்

பொருட்களின் விளம்பரப் படங்களுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸையும், படம் உருவாக்கும் ஏஐ மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷனையும் இரண்டு வருடமாகச் சேர்த்தே பயன்படுத்துகிறேன்.

சைக்கிள்ஸ் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் கதிரை அனுப்பி, அது எதில் பட்டு எங்கே வளைகிறது என்று கணக்குப் போடுகிறது. டிஃப்யூஷனுக்கு விளக்கு எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. பயிற்சியில் பார்த்த படங்களின் சாயலில், இரைச்சலிலிருந்து ஒரு படத்தை வடித்தெடுக்கிறது. நிழல் நம்பும்படி விழும். சரியாக விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இதில் நான் சூடுபட்டது ஒரு வாசனைத் திரவிய பாட்டிலில். சாம்பல் நிறப் பின்னணியில் பாட்டிலை ரெண்டர் செய்து, மாஸ்க் போட்டு, சுற்றிலும் மர மேசையையும் ஜன்னலையும் ஏஐயில் வரவழைத்தோம். முதல் பார்வைக்கு அழகு. ஆனால் கண்ணாடிக்குள் இன்னும் சாம்பல் நிறம்தான் தெரிந்தது. திரவம் நிறைந்த உருண்டை பாட்டில் ஒரு லென்ஸ் மாதிரி. பின்னால் இடப்பக்கம் இருக்கும் ஜன்னல் அதற்குள் வலப்பக்கம் தெரிய வேண்டும். “ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கே” என்றார் வாடிக்கையாளர்.

சரி, பாட்டிலையும் ஏஐ வழியாக லேசாக ஓட்டலாம் என்று படத்தை ஏஐ எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டீநாய்ஸ் அளவை 0.3-இல் வைத்தேன். லேபிள் எழுத்துகள் கிறுக்கலாகிவிட்டன. அந்த மாடல் படத்தை நீள அகலத்தில் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் வேலை செய்கிறது. பத்துப் பிக்சல் உயர எழுத்துக்கு அங்கே ஒரு கட்டம் கிடைத்தாலே பெரிது. டீநாய்ஸை இன்னும் குறைத்தாலும் இது முழுதாகத் தீராது.

கடைசியில் வரிசையைத் திருப்பினோம். காலி மேசையும் சுவரும் மட்டும் உள்ள காட்சியிலிருந்து ஒவ்வொரு இடமும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் டெப்த் படத்தை எடுத்து, அந்த அமைப்பை ஏஐ பின்பற்ற வைக்கும் கண்ட்ரோல்நெட்டுக்குக் கொடுத்துப் பின்னணியை உருவாக்கினோம். கேமரா அதேதான் என்பதால் கோணம் பொருந்தியது. அந்தப் படத்தை அதே மேசை, சுவர் மேல் புரொஜெக்ட் செய்துவிட்டு, பாட்டிலை வைத்து ரெண்டர் செய்தோம். கண்ணாடிக்கு ஒளிவிலகல் எண் 1.5, திரவத்துக்கு 1.36. பாட்டிலுக்குள் எதிர்ப்பக்கத்தில் ஜன்னல் தானாக வந்தது.

அதிலும் ஒரு குறை உண்டு. ஏஐ தந்தது 8 பிட் படம். அதிலுள்ள ஜன்னல் வெறும் வெள்ளைதான், நிஜ ஜன்னல் அளவுக்கு ஒளி வீசாது. அந்த இடத்தில் ஏரியா லைட் ஒன்றைக் கையால் வைக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் இருப்பதும் படத்தில் இல்லை. முன்பக்கப் பிரதிபலிப்புக்கு, சுற்றுப்புற ஒளியை முழுதாகப் பதிந்த எச்டிஆர்ஐ படம் ஒன்று தேவை.

பளபளப்பில்லாத அட்டைப்பெட்டி மாதிரியான பொருள் என்றால் பழைய வரிசையே போதும். தரையில் விழும் நிழலை மட்டும் ஷேடோ கேட்சரில் எடுத்துக்கொள்வேன். பொருள் சுழலும் வீடியோ, ஒரே அறையில் நான்கு கோணம் என்று கேட்டால் ஏஐ பின்னணியைத் தொடுவதில்லை, ஃபிரேமுக்கு ஃபிரேம் ஜன்னல் மாறிவிடும். கண்ணாடி, குரோம் வேலைகளில் பின்னணிக்கு ஒப்புதல் வாங்காமல் இப்போது இறுதி ரெண்டரை ஆரம்பிப்பதே இல்லை, ஏனென்றால் பின்னணி மாறினால் பாட்டிலையும் மறுபடி ரெண்டர் செய்தாக வேண்டும்.