சொல்லை எண்ணுவதா, தடத்தைத் தொடர்வதா? ஒரு பிசினஸ் அனலிஸ்ட் ரெஸ்யூமை இரண்டு வழியில் பார்த்த கதை

அக்கா மகள் போன வாரம் லேப்டாப்போடு பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனம், மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளைக் கேட்டு எழுதும் பிசினஸ் அனலிஸ்ட் வேலைக்கு ஆள் எடுக்கிறது. மூன்றிலிருந்து ஐந்து வருட அனுபவம் கேட்டிருந்தார்கள், அவளுக்கு மூன்றரை வருடம் ஆகிறது. "ரெஸ்யூமை ஒருக்கா பாருங்க சித்தி, விளம்பரத்துல கேட்டதெல்லாம் இருக்குல்லா?" என்றாள்.

நான் பத்து வருடத்துக்கு மேல் இதே வேலையில் இருக்கிறேன், நேர்காணல் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ரெஸ்யூமை விளம்பரத்தோடு ஒப்பிட இரண்டு வழி உண்டு. முதலாவது, விளம்பரத்தில் உள்ள முக்கியச் சொற்களைப் பட்டியல் போட்டு, ரெஸ்யூமில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுவது. இரண்டாவது, நம் தொழிலில் தேவைகளைத் தொடர்வதற்குப் போடும் ட்ரேசபிலிட்டி அட்டவணையையே ரெஸ்யூமுக்கும் போடுவது. விளம்பரத்தின் ஒவ்வொரு வரியையும் ஒரு தேவையாக எடுத்துக்கொண்டு, அதற்கு எதிரே இவர் செய்த வேலையின் தடம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நான் இரண்டாவது பக்கம்தான். முன்பு ஒரு முறை சொல் எண்ணும் வழியில் என் ரெஸ்யூமைத் தயார் செய்து அனுப்பினேன், நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள். "வந்த தேவைகளில் நீங்கள் எதை வேண்டாம் என்று தள்ளினீர்கள், யார் ஒப்புக்கொண்டார்கள்?" என்று கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் தள்ளிய தேவைகள் நிறையவே இருந்தன, ஆனால் ரெஸ்யூம் எழுதும்போது அவற்றை ஒரு முறைகூட நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

இருந்தாலும் அவள் ரெஸ்யூமை இரண்டு வழியிலும் பார்த்தோம்.

சொல் எண்ணும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பதினான்கு சொற்களில் பதினொன்று இருந்தன: வணிகத் தேவைகளைத் தொகுக்கும் ஆவணமான பி.ஆர்.டி., ஒரு பயனரின் தேவையைச் சுருக்கமாகச் சொல்லும் யூசர் ஸ்டோரி, வேலைகளைப் பதிந்து தொடரும் ஜிரா மென்பொருள், ஒர்க்‌ஷாப், திட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்களைக் குறிக்கும் ஸ்டேக்ஹோல்டர் என்று வரிசையாக. விடுபட்ட மூன்றில் ஒன்று யு.ஏ.டி. அந்தப் பயனர் சோதனையை அவள் இரண்டு முறை நடத்தியிருக்கிறாள், எழுதத்தான் மறந்துவிட்டாள். இப்படி மறந்ததைப் பிடித்துக் கொடுப்பது இந்த வழியின் நல்ல பயன். கெட்டது என்னவென்றால், அது சொல்லைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. விளம்பரத்தில் 'எலிசிடேஷன்' என்று இருந்தது, இவள் 'ரிக்வயர்மென்ட் கேதரிங்' என்று எழுதியிருந்தாள். தேவைகளைக் கேட்டறியும் ஒரே வேலைக்கு இரண்டு பெயர், கணக்கிலோ பூஜ்யம். பி.ஆர்.டி.க்கு முழு மதிப்பெண் விழுந்திருந்தது, அதை யார் எழுதினார்கள் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

அப்புறம் அட்டவணைக்கு வந்தோம். விளம்பரத்திலிருந்து ஆறு வரிகளை இடது ஓரத்தில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி: யாரிடமிருந்து தெரிந்துகொண்டாய், எப்படித் தெரிந்துகொண்டாய், எதில் எழுதினாய், யார் ஒப்புதல் கொடுத்தார்கள். ரெஸ்யூமில் இருப்பதை மட்டும் வைத்துத்தான் நிரப்ப வேண்டும், வாயால் சொல்வதைச் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை போட்டேன். ஆறில் ஒரே ஒரு வரிக்குத்தான் நான்கு கட்டமும் நிரம்பியது. ஸ்டேக்ஹோல்டர்களைக் கையாள்வது பற்றிய வரிக்கு ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. ரெஸ்யூமில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'பல ஸ்டேக்ஹோல்டர்களோடு இணைந்து தேவைகளைச் சேகரித்து ஆவணப்படுத்தினேன்.'

பெரும்பாலான ரெஸ்யூம்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. பிசினஸ் அனலிஸ்ட்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஐ.பி.ஏ. 2015இல் வெளியிட்ட, இந்தத் தொழிலுக்கான பாபாக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் எலிசிடேஷனும் கொலாபரேஷனும் சேர்ந்து ஒரே பிரிவு. அதில் ஐந்து வேலைகள் உண்டு: தகவல் கேட்கப் போவதற்கு முன் தயாராவது, கேட்பது, கேட்டது சரிதானா என்று உறுதிசெய்வது, அதை உரியவர்களுக்குத் தெரிவிப்பது, அவர்களோடு உள்ள ஒத்துழைப்பைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது. ரெஸ்யூம்களில் இரண்டாவது மட்டும்தான் இருக்கும். 'கேட்டேன்' என்று எல்லோரும் எழுதுவார்கள். கேட்டது தவறாக இருந்தபோது எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை யாரும் எழுதுவதில்லை.

"முக்கூடல் பக்கம் பீடிக் கடைக்கு மென்பொருள் செய்தீங்கள்லா, அதைச் சொல்லு" என்றேன். டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். ஒரு பீடி நிறுவனத்தின் கடைகளில் கொள்முதலைக் கணினியில் ஏற்றும் வேலை அது. பெண்கள் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கிப் போய் வீட்டில் சுற்றி, கட்டுகளைத் திரும்பக் கொண்டுவருவார்கள். தரம் பார்த்துக் கழித்தது போக மீதி அவரவர் பாஸ்புக்கில் ஏறும். போலிப் பதிவைத் தடுக்க, கட்டு கொடுக்கும்போது தொழிலாளியின் கைரேகை வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொன்னது. பேட்டி எடுத்தபோது எல்லோரும் சரி என்றார்கள், அதுவும் தேவையாக எழுதப்பட்டது. பிறகு அவள் நேரில் போய்க் கடையில் இரண்டு காலை உட்கார்ந்திருக்கிறாள். பாஸ்புக் அம்மா பேரில் இருக்கிறது, கட்டைக் கொண்டுவருவது மகள். சில நேரம் பக்கத்து வீட்டுக்காரி. கைரேகை வைத்தால் காலை வரிசையில் பாதிப் பேர் திரும்பிப் போக வேண்டியதுதான். கடைக் கணக்கருக்கு இது நன்றாகத் தெரியும், மேலிடம் கேட்டதை மறுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்திருக்கிறார்.

முடிவில் கைரேகை கைவிடப்பட்டது. பாஸ்புக் எண்ணை அடித்ததும், கொண்டுவந்தது தொழிலாளியா, குடும்பத்தாரா, வேறு ஆளா என்று தேர்வு செய்ய வேண்டும். வேறு ஆள் அடிக்கடி கொண்டுவரும் பாஸ்புக்குகளின் பட்டியல் வாரம் ஒருமுறை தலைமை அலுவலகத்துக்குப் போகும். போலிப் பதிவு பற்றிய அவர்கள் பயத்துக்கு அதுவே பதிலாக இருந்தது, மேலாளர் ஒப்புதல் கொடுத்தார்.

இதில் ஒரு சொல்கூட ரெஸ்யூமில் இல்லை. "இதெல்லாம் சின்ன விஷயம்னு நெனச்சேன் சித்தி" என்றாள். நான்கு கட்டமும் நிரம்பும் வேலை இதுதான். தகவல் கணக்கரிடமும் வரிசையில் நின்ற பெண்களிடமும் இருந்தது. வழி, நேரில் கவனித்தது. பேட்டியில் வராதது அதில் வந்தது. இரண்டு தரப்புக்கும் உண்மையான முரண்பாடு இருந்தது, யார் ஒப்புக்கொண்டார்கள் என்பதும் தெரிகிறது. நேர்காணலில் அடுத்தடுத்து ஐந்து கேள்வி கேட்டாலும் இந்த வரி தாங்கும். நான் இந்த வழியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முதல் காரணம் அதுதான். முதல் கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும், குழுவில் இருப்பவர்கள் மதிப்பெண் போடுவது இரண்டாவது கேள்வியில். தடத்தோடு எழுதிய வரி அந்த இரண்டாவது கேள்வியைத் தானே கேட்க வைக்கும், அதற்குப் பதிலும் கையில் இருக்கும்.

ஆவணங்கள் பற்றிய வரியில் அட்டவணை வேறு மாதிரி உதவியது. அங்கே சேர்ப்பதை விடக் குறைக்க வேண்டியிருந்தது. 'பி.ஆர்.டி., எஃப்.ஆர்.எஸ்., யூசர் ஸ்டோரி தயாரித்தேன்' என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தாள். எதில் எழுதினாய் என்ற கட்டத்துக்கு வந்ததும் உண்மை வெளியே வந்தது. பி.ஆர்.டி.யை எழுதியது அவளுடைய சீனியர். கடையில் இப்போது வேலை எப்படி நடக்கிறது என்ற பகுதியும், கைரேகை மாற்றம் வந்த பகுதியும் மட்டும் இவள் எழுதியவை. மென்பொருளின் செயல்பாடுகளை விவரிக்கும் எஃப்.ஆர்.எஸ். ஆவணம் அந்தத் திட்டத்தில் கிடையவே கிடையாது. யூசர் ஸ்டோரிகள் முழுக்க இவளுடையவை, அவற்றின் ஏற்பு நிபந்தனைகளும் நன்றாக இருந்தன. நினைவிலிருந்து ஒன்று சொன்னாள்: 'கொண்டுவந்தவர் யார் என்று தேர்வு செய்யாமல் பீடி எண்ணிக்கையைச் சேமிக்க முடியக் கூடாது.' சோதனை செய்பவர் யாரையும் கேட்காமல் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம், அப்படித்தான் இருக்க வேண்டும். எஃப்.ஆர்.எஸ்.ஸை எடுத்துவிட்டோம். அதனால் சொல் கணக்கில் ஒன்று குறைந்தது. பரவாயில்லை என்பது என் கருத்து.

பழைய ஆவணத்தையே நேர்காணலுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். கூடாது, அது முந்தைய நிறுவனத்தின் சொத்து. பெயர், எண் எதுவும் இல்லாமல் அந்த வேலையின் ஓட்டத்தை ஒரு தாளில் வரைந்து காட்டப் பழகிக்கொள் என்றேன்.

மற்ற வரிகள் சுலபம். ஜிராவுக்கு ஒரு சொல் போதும். சான்றிதழ் இருந்தால் நல்லது என்று விளம்பரத்தில் இருந்தது. ஐ.ஐ.பி.ஏ. தரும் சி.பி.ஏ.பி. சான்றிதழுக்கு 7,500 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும், மூன்றரை வருடத்தில் அது நடக்காது, அதனால் விட்டுவிட்டோம். காப்பீட்டுத் துறை அனுபவமும் கேட்டிருந்தார்கள். அவளுக்கு இல்லை, அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்றே எழுதி வைத்தேன்.

தட வழிக்கும் எல்லை உண்டு. எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டிலிருந்து எட்டு வருட அனுபவம் உள்ளவர்கள். இப்போதுதான் படித்து முடித்தவர்களுக்கு இந்த அட்டவணை அநேகமாகக் காலியாகவே இருக்கும், கல்லூரித் திட்டத்தை வைத்து நிரப்பினால் எவ்வளவு எடுபடும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. நேரமும் ஆகும். எங்களுக்கு ஒரு மாலை முழுக்கப் போனது. ரெஸ்யூமை மென்பொருளில் போட்டு முதலில் வடிகட்டும் நிறுவனமென்றால், சொற்கள் இல்லாத ரெஸ்யூம் மனிதர் கண்ணுக்கு வராமலே போகலாம். அதனால் சொல் எண்ணுவதை நான் தள்ளவில்லை, கடைசிக்கு வைத்திருக்கிறேன். தடத்தோடு எழுதி முடித்த பிறகு, விளம்பரத்தின் சொல் இயல்பாகப் பொருந்தும் இடத்தில் அதையே போட்டுவிடலாம். 'ரிக்வயர்மென்ட் கேதரிங்' இப்படித்தான் 'எலிசிடேஷன்' ஆயிற்று, மறந்துபோன யு.ஏ.டி.யும் உள்ளே வந்தது.

இரவு பத்து மணிக்குப் புது வரி தயாரானது: 'பீடிக் கடையில் நேரில் கவனித்து, கைரேகைப் பதிவு நடைமுறைக்கு ஒத்துவராது என்று கண்டறிந்தேன். தலைமை அலுவலகத்தையும் கடைக் கணக்கரையும் ஒரே கூட்டத்தில் பேசவைத்து, மாற்று வழிக்கு மேலாளரின் ஒப்புதல் பெற்றேன்.'

அனுப்புவதற்கு முன் கணக்கரிடம் ஒரு முறை கேட்டுக்கொள் என்றேன். மறுநாள் காலை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, அந்தக் கைரேகை விஷயத்துக்கு நாம கூட்டம் போட்டோம்லா, என்ன மாசம்?"

"கூட்டமா? நான் எங்கம்மா கூட்டத்துக்கு வந்தேன்? நீதான் என்கிட்ட தனியா பேசிட்டு, அப்புறம் அவங்ககிட்ட போய்ப் பேசுன. அவங்க முன்னால நான் எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்?"

அவள் போனை வைத்துவிட்டு 'ஒரே கூட்டத்தில்' என்பதை அழித்தாள். அந்த இடத்தில் 'இரு தரப்பிடமும் தனித்தனியே பேசி' என்று அடித்தாள்.