அம்மாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை ஒரே அட்டவணையில் வைத்து மூன்று வருடம்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம் ஆகப்போகிறது. அத்தனை வருட ரிப்போர்ட்டுகளும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் இருந்தன. சில கவரோடு, சில மடித்தபடி, சில தெர்மல் தாளில் அச்சடித்து எழுத்தே மங்கிப்போய். 2023 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையைத் தரையில் கொட்டித் தேதிவாரியாக அடுக்கி கூகுள் ஷீட்டில் ஏற்றினேன். அன்றிலிருந்து எல்லா ரிப்போர்ட்டும் அதில்தான் போகிறது. இந்த மூன்று வருடத்தில் அது எனக்கு எதைக் காட்டியது, எங்கெல்லாம் என்னை ஏமாற்றியது என்பதை, வீட்டில் இப்படி ஒரு பை வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கிரியேட்டினின். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க எடுக்கும் சோதனை. அம்மாவின் ஐந்து ரிப்போர்ட்டுகளில் இருந்தது இது. அடைப்புக்குள் இருப்பது அந்தந்த லேப் அச்சடித்த இயல்பு அளவு, எல்லாம் மி.கி./டெ.லி.

2019 ஜூன்: 0.72 (0.6–1.1)
2020 டிசம்பர்: 0.81 (0.6–1.1)
2021 நவம்பர்: 0.92 (0.5–0.9), தடித்த எழுத்து, பக்கத்தில் ஸ்டார்
2022 ஜூலை: 0.97 (0.6–1.1)
2023 பிப்ரவரி: 1.04 (0.6–1.2)

2021-இல் வீட்டுக்குப் பக்கத்தில் வேறொரு லேபில் எடுத்தோம். அங்கே மேல் எல்லை 0.9 என்பதால் ஸ்டார் விழுந்தது. அடுத்த தடவை பழைய லேபுக்கே போனோம், ஸ்டார் இல்லை. "போன தடவை ஸ்டார் போட்டிருந்தான், இப்போ இல்ல, குறைஞ்சிருச்சு" என்று அம்மா நிம்மதியாகப் பையில் போட்டுவிட்டார். நானும் அதையேதான் நினைத்தேன். எண்ணைப் பார்த்தால் 0.92 என்பது 0.97 ஆகியிருக்கிறது. ஐந்து தாளையும் தனித்தனியாகப் பார்த்தால் நான்கு "நார்மல்". வரிசையாக வைத்தால் ஒரு தடவைகூட இறங்கவில்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கிரியேட்டினின் 0.7-இலிருந்து 1.04 ஆவது பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் கிரியேட்டினினும் தலைகீழாகப் போகிறவை. நல்ல நிலையில் இருக்கும்போது திறன் நிறையக் குறைந்தாலும் கிரியேட்டினின் கொஞ்சம்தான் ஏறும். அதனால்தான் வயதையும் பாலினத்தையும் சேர்த்து இஜிஎஃப்ஆர் என்று ஒரு மதிப்பீடு போடுகிறார்கள். சில லேப்கள் அதையும் அச்சடிக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூத்திரம் பயன்படுத்தலாம். பழைய ரிப்போர்ட் ஒரு சூத்திரத்தில், புதியது இன்னொன்றில் என்றால் ஒப்பிட்டுப் பயனில்லை. அதனால் எல்லா வரிக்கும் 2021-இல் வந்த சிகேடி-எபி சூத்திரத்தை நானே போட்டேன். பெண்களுக்கானது இது. `C2` கிரியேட்டினின், `I2` அன்றைய வயது.

```
=142*MIN(C2/0.7,1)^-0.241*MAX(C2/0.7,1)^-1.2*0.9938^I2*1.012
```

ஆண்களுக்கு 0.7 வரும் இரண்டு இடத்திலும் 0.9, -0.241 இருக்கும் இடத்தில் -0.302, கடைசி 1.012 வேண்டாம்.

வந்த விடை: 96, 83, 70, 66, 60. முதல் தடவை பார்த்தபோது சூத்திரத்தில் தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கையால் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அறுபதுக்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று கணக்கில் எடுப்பார்கள். நாங்கள் அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தோம், கையில் "நார்மல்" ரிப்போர்ட்டோடு.

அந்த அட்டவணையை ஒரே பக்கத்தில் அச்செடுத்து டாக்டரிடம் கொண்டுபோனேன். இருபது நொடி பார்த்திருப்பார். நிமிர்ந்து அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, "வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களாம்மா?" முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக், ஒன்றரை வருடமாக வாரத்தில் நாலைந்து நாள். என்னிடம்கூடச் சொன்னதில்லை. அதை உடனே நிறுத்தச் சொல்லி, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்று காட்டும் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார். 30-க்குள் இருக்க வேண்டும், 64 வந்தது. ஜூனில் மறுபடி எடுத்தோம். கிரியேட்டினின் 0.95-க்கு இறங்கியிருந்தது, சிறுநீர் விகிதம் 58. இறக்கம் முழுக்க மாத்திரையை நிறுத்தியதால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் நான்கு வருடத்தில் அந்த வரிசையில் முதல் இறக்கம் அது.

அட்டவணை அமைக்கும் விதத்தில் நான் செய்த முதல் தவறு, மேலே தேதிகளும் பக்கவாட்டில் சோதனைப் பெயர்களும் வைத்து நேராக நிரப்பியது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இயல்பு அளவு எழுத ஒரே ஒரு கட்டம்தான் கிடைக்கும். லேப் மாறினால் எல்லையும் மாறுமே, அதை எங்கே எழுதுவது? அப்புறம் மொத்தத்தையும் கலைத்து, ஒரு முடிவுக்கு ஒரு வரி என்று மாற்றினேன். மாதிரி எடுத்த தேதி, சோதனை, மதிப்பு, அலகு, கீழ் எல்லை, மேல் எல்லை, லேப், குறிப்பு. அந்த ரிப்போர்ட்டில் அச்சான எல்லை அந்த வரியிலேயே இருக்கும். பிவட் டேபிள் போட்டால் தேதிவாரி அட்டவணை தானாக வந்துவிடும். எல்லை தாண்டியதைக் குறிக்க இது:

```
=IF(AND(F2<>"",C2>F2),"H",IF(AND(E2<>"",C2<E2),"L",""))
```

வெற்றுக் கட்டத்தைச் சோதிப்பது ஏனென்றால், நல்ல கொழுப்புக்குக் கீழ் எல்லை மட்டும்தான் இருக்கும், சிறுநீர் விகிதத்துக்கு மேல் எல்லை மட்டும்தான்.

என்னைப் பெரிதாக ஏமாற்றியது யூரியா. முதல் லேபில் 32, அடுத்ததில் 15, அதற்கடுத்து 34. யூரியா பாதியாகக் குறைந்து திரும்ப ஏறியதாக வரைபடத்தில் ஒரு பள்ளம். அம்மா என்ன சாப்பிட்டார், தண்ணீர் நிறையக் குடித்தாரா என்றெல்லாம் யோசித்தேன். ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் இரண்டாவது லேப் கொடுத்தது யூரியாவே இல்லை, பி.யு.என். யூரியாவில் இருக்கும் நைட்ரஜனின் அளவை மட்டும் சொல்வது அது. 2.14-ஆல் பெருக்கினால் யூரியா வரும். 15 என்பது 32-தான், ஒன்றும் மாறவில்லை. அலகு இரண்டிலும் மி.கி./டெ.லி. என்றே இருந்ததால் அதை வைத்தும் பிடிக்க முடியாது. பிடித்துக் கொடுத்தது எல்லைதான்: ஒன்றில் 15–40, இன்னொன்றில் 7–20. அன்றிலிருந்து, லேப் மாறி எல்லை ஏறக்குறைய பாதியாகவோ இரட்டிப்பாகவோ தெரிந்தால் மதிப்பை உள்ளிடுவதற்கு முன் சோதனையின் பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கிறேன்.

தேதியும் ஒரு தொல்லை. ஷீட்டின் இட அமைப்பு அமெரிக்கா என்று இருந்ததால் 07/11/2021 ஜூலை 11 ஆகிவிட்டது. வரிசை குழம்பியதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. இட அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டேன், அதோடு 2021-11-07 என்று ஆண்டை முதலில் வைத்துத்தான் எழுதுகிறேன். இன்னொன்று, ரிப்போர்ட் கொடுத்த தேதியை எழுதாதீர்கள், ரத்தம் எடுத்த தேதிதான் வேண்டும்.

நிறம் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எல்லை தாண்டியது எல்லாம் சிவப்பு. மூன்று மாத சராசரி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி அம்மாவுக்கு எப்போதும் 6.8, 7.1 என்று வரும். லேப் தாளில் 5.7-க்குக் கீழ்தான் இயல்பு என்று போட்டிருப்பதால் வரிசை முழுக்கச் சிவப்பாகவே இருந்தது. அதைப் பார்த்து அம்மா சோறே குறைத்துவிட்டார். அந்த 5.7 சர்க்கரை இல்லாதவர்களுக்கான கோடு. அம்மாவுக்கு டாக்டர் வைத்த இலக்கு 7. இரண்டும் வேறு. இப்போது டாக்டரின் இலக்குக்குத் தனிப் பத்தி, தனி நிறம் வைத்திருக்கிறேன். லேப் எல்லை தாண்டினால் லேசான மஞ்சள், இலக்கைத் தாண்டினால்தான் ஆரஞ்சு. சிவப்பை எடுத்தே விட்டேன்.

சின்ன ஏற்ற இறக்கத்துக்குப் பயப்படாமல் இருக்கவும் பழக வேண்டியிருந்தது. கிரியேட்டினின் 0.94, 0.98 என்று வந்தால் அது மாற்றமே இல்லை. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் அவ்வளவு ஆடும், லேபின் முறை வேறாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஆடும். 0.92-க்கும் 0.97-க்கும் நடுவில் மட்டும் பார்த்திருந்தால் என்னாலும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. ஒரே திசையில் ஐந்து புள்ளி இருந்ததால்தான் அது போக்கு. அதனால் கிரியேட்டினினை மட்டும் இப்போது ஒரே லேபில் எடுக்கிறோம்.

குறிப்புப் பத்தியை முதலில் சும்மாதான் வைத்தேன். 2023 ஜூனில் டாக்டர் பிபி மாத்திரையை டெல்மிசார்டனுக்கு மாற்றினார், சிறுநீரில் போகும் ஆல்புமினைக் குறைக்க. இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 0.95-இலிருந்து 1.08. தொடங்கும்போதே அவர் சொல்லியிருந்தார்: "கொஞ்சம் ஏறும், முப்பது சதவீதத்துக்குள்ள இருந்தா பயப்படாதீங்க, அதுக்கு மேல போனா உடனே வாங்க. பொட்டாசியமும் சேர்த்துப் பாருங்க." அதைத் தேதியோடு எழுதி வைத்திருந்தேன். ஏறியது பதினாலு சதவீதம், பொட்டாசியம் எல்லைக்குள். அந்த ஒரு வரி இல்லையென்றால் அன்று ராத்திரி நானே மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருப்பேன். 2024 ஜனவரியில் 0.98, சிறுநீர் விகிதம் 34. அதற்குப் பிறகு கிரியேட்டினின் 0.94-க்கும் 1.0-க்கும் நடுவிலேயே நிற்கிறது. புது மாத்திரை, காய்ச்சல், வாந்தி பேதி, விரதம், வெறும் வயிற்றில் எடுத்ததா இல்லையா, எல்லாம் இப்போது அந்தப் பத்தியில் போகிறது.

2019-க்கு முந்தைய தெர்மல் தாள்களில் ஏழு முழுக்க அழிந்துவிட்டன. வெளிச்சத்தில் பிடித்தும், போனில் படமெடுத்து இருட்டாக்கியும் பார்த்தேன், ஒன்றில்தான் எண் தெரிந்தது. அம்மாவின் சிறுநீரகம் 2015-இல் எப்படி இருந்தது என்று தெரிந்திருந்தால் டாக்டருக்கு உதவியாக இருந்திருக்கும், அந்த வரி காலியாகவே இருக்கிறது. இப்போது லேப் வாசலிலேயே ரிப்போர்ட்டைப் படமெடுத்து, வீட்டுக்கு வந்ததும் ஏற்றிவிடுகிறேன். ஏற்றி முடித்ததும் அம்மா பக்கத்தில் வந்து நின்று, "மஞ்சளா, வெள்ளையா?" என்று கேட்பார்.