பழைய ரோபோ வேக்வமைக் கை மாற்றும் முன்: வரைபடத்தையும் வைஃபை விவரத்தையும் அழித்த அனுபவம்

சில வருடங்களாக வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ரோபோ வேக்வம் கிளீனரை அண்மையில் தம்பிக்குக் கொடுத்தேன். கூடவே நாலைந்து ஸ்மார்ட் பல்புகளும் போயின. உறிஞ்சும் திறன், பேட்டரி, பிரஷ் பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் அதற்குள் இருந்ததை எப்படி அழித்தேன், அழிந்ததா என்று எப்படிப் பார்த்தேன் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

என்னுடையது மேலே லேசர் கோபுரம் உள்ள வகை. இத்தனை நாள் ஓடியதில் வீட்டின் ஒவ்வொரு சுவரும் வாசலும் கட்டில் காலும் அதன் வரைபடத்தில் இருந்தன. எந்த அறை யாருடையது என்று நாங்களே ஆப்பில் பெயர் வைத்திருந்தோம். தினமும் எத்தனை மணிக்குப் பெருக்க வேண்டும் என்ற அட்டவணையும் இருந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தானே அதைப் போடுகிறோம்? அந்த அட்டவணையைப் பார்த்தாலே வீடு எப்போது காலியாக இருக்கும் என்று தெரிந்துவிடும்.

பலரும் செய்வது, இரண்டு பட்டன்களைச் சில நொடிகள் சேர்த்து அழுத்துவது. வைஃபை ரீசெட் ஆகிறது என்று ரோபோ குரல் கொடுக்கும். அதோடு வேலை முடிந்தது என்று பெட்டியில் போட்டுவிடுவார்கள். இது எவ்வளவு அழிக்கிறது என்று பார்க்க, அதை மட்டும் செய்துவிட்டு, புதிதாகத் திறந்த வேறொரு கணக்கில் ரோபோவை இணைத்தேன். எங்கள் வீட்டு வரைபடம் அப்படியே திரையில் வந்தது. அறைகளின் பெயர்கள் மட்டும் வரவில்லை. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: என் மாடலில் சுவர்களின் கோடுகள் ரோபோவின் நினைவகத்தில் இருக்கின்றன, பெயர்கள் கணக்கோடு கிளவுட்டில் இருக்கின்றன. வைஃபை ரீசெட் இந்த இரண்டையும் தொடுவதில்லை. ரவுட்டரோடு உள்ள தொடர்பை மட்டும் துண்டிக்கிறது. மாடலுக்கு மாடல் இந்தப் பிரிப்பு மாறும். ஆனால் தகவல் ஒரே இடத்தில் இல்லை என்பது பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

அதனால் வரிசை முக்கியம். ரோபோ இன்னும் வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஆப்பிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் வரைபடங்களை அழித்தேன். மாடி, கீழ்த்தளம் என்று தனித்தனியாகச் சேமித்திருந்தால் ஒவ்வொன்றையும் அழிக்க வேண்டும். சில ஆப்களில் வரைபடத்தின் காப்புப் பிரதி வேறொரு மெனுவில் ஒளிந்திருக்கும், அதையும் தேடிப் பிடியுங்கள். கேமரா உள்ள ரோபோவாக இருந்தால் தடைப் பொருட்களைப் படம் எடுத்து வைத்திருக்கலாம், அவையும் போக வேண்டும். அடுத்து சுத்தம் செய்த வரலாறு, அட்டவணை. பிறகு வீட்டில் உள்ள மற்றவர்களுடன் ஆப்பில் பகிர்ந்திருந்ததை நீக்கினேன், குரல் உதவியாளர் ஆப்பில் இருந்த இணைப்பையும் எடுத்தேன். இவ்வளவும் ஆன பிறகுதான் கணக்கிலிருந்து சாதனத்தை நீக்கினேன். கடைசியாக ரோபோவிலேயே ஃபேக்டரி ரீசெட். இது வைஃபை ரீசெட்டிலிருந்து வேறான பட்டன் சேர்க்கை, மாடலின் கையேட்டில் இருக்கும். முடிய சில நிமிடங்கள் ஆகும், அதுவரை சார்ஜிங் மேடையிலேயே இருக்கட்டும்.

தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? ரோபோவை முதலில் ரீசெட் செய்துவிட்டால் ஆப்பில் அது ஆஃப்லைன் என்று காட்டும், உள்ளே போய் வரைபடத்தை அழிக்கும் மெனுவே திறக்காமல் போகலாம். கணக்கிலிருந்து நீக்காமல் கொடுத்துவிட்டால் இன்னொரு சிக்கல். சில சாதனங்கள் புதியவரை இணைக்கவே விடாமல், ஏற்கெனவே வேறு கணக்கில் உள்ளது என்று சொல்லும். புதியவர் ரீசெட் செய்யாமல் எப்படியோ வைஃபையை மட்டும் மாற்றி ஓட்டினால், பழைய உரிமையாளரின் ஆப்பில் புதியவருடைய வீட்டு வரைபடம் வரையப்பட வாய்ப்பு உண்டு. வாங்குபவருக்கும் இது ஆபத்துதான்.

பல்பில் வரைபடம் இல்லை, ஆனால் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் உள்ளே இருக்கின்றன. 2019-இல் லைஃப்எக்ஸ் பல்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர் ஒருவர், வைஃபை பாஸ்வேர்டு அதன் சிப்பில் மறையாக்கம் இல்லாமல் அப்படியே இருந்ததைக் காட்டினார். பல பிராண்டு பல்புகளுக்குப் பொதுவான Smart Life ஆப்பில் சாதனத்தை நீக்கும்போது இரண்டு தேர்வுகள் வரும்: Disconnect, Disconnect and wipe data. இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலாவது இணைப்பை மட்டும் எடுக்கிறது. ஹோல்டரிலிருந்து கழற்றிய பிறகு இதைச் செய்யாதீர்கள். பல்பு எரிந்துகொண்டு ஆன்லைனில் இருந்தால்தான் கட்டளை அதற்குப் போய்ச் சேரும். பிறகு சுவிட்சை வேகமாகப் பலமுறை ஆன், ஆஃப் செய்தால் பல்பு சிமிட்டத் தொடங்கும், அது இணைப்புக்குக் காத்திருக்கும் நிலை. வைஃபைக்குப் பதில் ஜிக்பீ என்ற வேறு கம்பியில்லா முறையில் இணையும் பல்புகளில் வைஃபை விவரமே இருக்காது. அங்கே ரவுட்டரோடு இணைந்திருப்பது பல்புகளுக்கு நடுவில் நிற்கும் ஹப் என்ற பெட்டிதான், ஹப்பைக் கொடுத்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

சரி, அழிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரீசெட் ஆன ரோபோ பெரும்பாலும் தன் சொந்த ஹாட்ஸ்பாட் ஒன்றை ஒளிபரப்பும், போனின் வைஃபை பட்டியலில் அது தெரியும். வீட்டு ரவுட்டரின் பட்டியலில் அது மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது. இதோடு நான் நிறுத்தவில்லை. இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஒரு தற்காலிக பாஸ்வேர்டு வைத்து, அந்தப் புதிய கணக்கில் ரோபோவை மறுபடி இணைத்தேன். இவ்வகைச் சாதனங்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இணையும், ஹாட்ஸ்பாட்டை அதற்கேற்ப மாற்ற வேண்டும். இந்த முறை வரைபடப் பக்கம் காலி, வரலாறும் இல்லை. சோதனைக்கு இணைத்ததால் அந்தக் கணக்கிலிருந்தும் நீக்கிவிட்டு மீண்டும் ஒரு ஃபேக்டரி ரீசெட்.

ஆனாலும் திரையில் காலியாக இருப்பது சிப்பில் காலியாக இருப்பதற்குச் சமம் அல்ல. ஃபிளாஷ் நினைவகம் தேய்மானத்தைப் பரவலாக்க ஒரே தகவலை வெவ்வேறு இடங்களில் எழுதிக்கொண்டே போகும், பழைய பிரதிகள் ரீசெட்டுக்குப் பிறகும் தங்கலாம். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பயன்படுத்திய 86 அமேசான் எக்கோ டாட் ஸ்மார்ட் ஸ்பீக்கர்களை வாங்கிப் பார்த்தார்கள். சுமார் 61 சதவீதம் ரீசெட்டே செய்யப்படாமல் விற்கப்பட்டிருந்தன. ரீசெட் செய்தவற்றிலும் சிப்பைக் கழற்றிப் படித்தால் வைஃபை பாஸ்வேர்டு போன்றவற்றை மீட்க முடியும் என்று காட்டினார்கள். இதற்குக் கருவியும் திறமையும் வேண்டும், எல்லோராலும் முடியாது. இருந்தாலும் எளிய மாற்று இருக்கிறது: கொடுத்த பிறகு வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். மீட்டெடுத்தாலும் அது செல்லாது. இதற்காகவே இப்போது வீட்டு ஸ்மார்ட் சாதனங்கள் அனைத்தையும் ரவுட்டரின் விருந்தினர் நெட்வொர்க்கில் வைத்திருக்கிறேன். அதன் பாஸ்வேர்டை மாற்றினால் போனும் லேப்டாப்பும் பாதிக்கப்படுவதில்லை.

ஆன் ஆகாமல் செத்துப்போன ரோபோவுக்கு இவை எதுவும் முடியாது. பேட்டரி போனாலும் நினைவகச் சிப்பில் இருப்பது அப்படியே இருக்கும். கணக்கிலிருந்து நீக்கி, கிளவுட்டில் உள்ளதை அழிக்கச் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றலாம். வரைபடத்தை அப்படி மாற்ற முடியாதே! எனவே அதை உதிரி பாகங்களுக்கு விற்பதாக இருந்தால் மெயின் போர்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வேன். மோட்டாரும் சக்கரமும் பிரஷும் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும்.