கன்சோலில் நண்பர் அழைப்பு வரவில்லையா? போர்டை மாற்றக் கொடுக்காதீர்கள். 6,800 ரூபாய் போய்விட்டது

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். ஊட்டியில் கேம் கன்சோல் விற்றுப் பழுதும் பார்க்கும் ஒரு கடையில் 6,800 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டேன். பணம் போனதைவிட, கோளாறே இல்லாத பெட்டியைப் பிரித்து மேய்ந்து என்னை நம்ப வைத்ததுதான் ஆறவில்லை. மலையில் இந்த மாதிரிக் கடைகள் ஒன்றிரண்டுதான் இருக்கின்றன. அடுத்து யாராவது அங்கே போய் நிற்பதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. கொடைக்கானலில் இருக்கும் என் அக்கா மகனோடு சேர்ந்து விளையாட வேண்டும் என்றுதான் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் கேட்டான். வாங்கிய அன்று கடைப் பணியாளர் மிகவும் கனிவாகப் பேசினார். "கணக்கெல்லாம் நாங்களே திறந்து தருகிறோம் சார், நீங்கள் பாஸ்வேர்டு கூட நினைவில் வைக்க வேண்டாம்" என்றார். மகனின் பிறந்த தேதியைக் கேட்டுப் போட்டார். சிறுவன் கணக்கு என்பதால் பெரியவர் ஒருவரின் அனுமதி வேண்டும் என்று திரையில் வந்தது. அதற்கும் அவரே ஏதோ மின்னஞ்சலைத் தட்டி முடித்தார். அக்கா மகனின் பெயரை நண்பர் பட்டியலில் சேர்த்துக் கொடுத்ததும் அவர்தான். இவ்வளவு பொறுப்பாகச் செய்கிறாரே என்று மனம் நிறைந்துதான் வீடு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் தொல்லை தொடங்கியது. மகன் விளையாடிக்கொண்டிருப்பான், கொடைக்கானலில் இருப்பவனுக்கு அவன் ஆஃப்லைனில் இருப்பதாகவே காட்டும். அங்கிருந்து அனுப்பும் விளையாட்டு அழைப்பு ஒன்றுகூட இங்கே வந்து சேராது. ஆனால் அவன் ஆன்லைனில் இருப்பது மட்டும் என் மகனுக்குத் தெரியும். இந்த ஒருவழிப் பார்வையை நான் கடையில் தெளிவாகச் சொன்னேன். விளையாட்டுகள் ஒழுங்காகத் தரவிறங்குகின்றன, அப்டேட்டும் வருகிறது என்றும் சொன்னேன். தொழில் தெரிந்தவருக்கு அதுவே போதும். இணைப்பு கெட்டிருந்தால் எதுவுமே வந்திருக்காதே!

அந்த முதலாளி பெட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "வைஃபை போர்டு போய்விட்டது, மலை ஈரத்துக்கு அப்படித்தான் ஆகும்" என்றார். போர்டுக்கு 5,300 ரூபாய், கணக்கைச் சரிசெய்ய 1,500 ரூபாய். மொத்தம் 6,800. பில்லில் "சர்வீஸ்" என்ற ஒற்றைச் சொல்தான். கழற்றிய பழைய போர்டைக் கேட்டேன். "அதெல்லாம் நாங்கள் தருவதில்லை" என்று முடித்துவிட்டார்.

பெட்டி திரும்பி வந்தது. கோளாறு அப்படியே இருந்தது. போனில் கேட்டால், ஐப்பசி மழையில் கோத்தகிரிப் பக்கம் நெட் இழுக்காது என்றார்கள். மழை விட்ட பிறகு கேட்டேன். உங்கள் இணைய நிறுவனத்திடம் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால் இணைப்பில் குறையே இல்லை என்றார்கள். மறுபடி கடைக்குப் பேசினேன். கணக்குத் திறந்து கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், நாங்கள் என்ன செய்வது சார் என்றார் முதலாளி. 6,800 ரூபாயை எண்ணி வாங்கியவர் அவர்தான், அந்தப் பையன் இல்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன். எங்கள் கன்சோலில் தன் கணக்கில் நுழைந்தான். உடனே அவன் நண்பர்களுக்கு அவன் ஆன்லைனில் தெரிந்தான், அழைப்புகளும் வந்தன. அதே பெட்டி, அதே வைஃபை, அதே மலை. பிறகு கொடைக்கானலில் இருக்கும் அவனுடைய கன்சோலில் என் மகனின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். அங்கேயும் ஆஃப்லைன்தான், அழைப்பு வரவில்லை. கோளாறு பெட்டியில் இருந்தால் பெட்டியோடு நின்றிருக்கும். இது கணக்கோடு கூடவே நடந்து வந்தது. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலா போர்டை மாற்றினார்கள்?

அமைப்புகளில் கணக்குப் பகுதிக்குள் "Privacy & online safety" என்று ஒன்று இருக்கிறது. அதில் "View details & customize" என்பதைத் திறந்து "Communication & multiplayer" பகுதிக்குப் போனால், "Others can see if you're online" என்ற வரிக்கு எதிரே "Block" என்று இருந்தது. "Others can communicate with voice, text, or invites" என்ற வரிக்கும் அதே "Block". முதலாவது அடைத்திருந்ததால் அவன் யார் கண்ணுக்கும் ஆன்லைனில் தெரியவில்லை; இரண்டாவது அடைத்திருந்ததால் அழைப்பு வழியிலேயே நின்றுவிட்டது. அக்கா மகனின் கணக்கில் அந்த அடைப்பு இல்லை, அதனால் அவன் நிலை மட்டும் இவனுக்குத் தெரிந்தது. இரண்டையும் "Friends" என்று மாற்றினால் வேலை முடிந்திருக்கும்.

ஆனால் என்னால் மாற்ற முடியவில்லை. சிறுவர் கணக்கில் இவற்றைக் குழந்தை தானாக மாற்ற முடியாது. குடும்பக் குழுவின் பொறுப்பாளராக இருக்கும் பெரியவர் தன் கணக்கில் நுழைந்துதான் மாற்ற வேண்டும். அந்த இடத்தில் இருந்த மின்னஞ்சல் என்னுடையது இல்லை, கடையுடையது! என் மகன் யாரோடு பேசலாம், யார் கண்ணில் படலாம் என்று தீர்மானிக்கும் சாவியை முன்பின் தெரியாத ஒரு கடை கையில் வைத்திருந்திருக்கிறது. பெற்றவன் எனக்கு இது எப்படி இருக்கும்? என்னையும் அந்தக் குழுவில் பொறுப்பாளராகச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டேன். அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாதாம். அதோடு என் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் என் மின்னஞ்சலைப் பொறுப்பாளராக வைத்து மகனுக்குப் புதுக் கணக்கு திறந்தேன். இரண்டு வரிகளையும் "Friends" ஆக்கி, வெளியேறி மறுபடி நுழைந்ததும் அழைப்பு வந்தது. பழைய கணக்கில் அவன் சேர்த்து வைத்த விளையாட்டு முன்னேற்றம் முழுவதும் அந்தக் கணக்கோடு போய்விட்டது. முதலில் இருந்து ஆடுகிறான். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். 6,800 ரூபாய் திரும்ப வரும் வரை விடப்போவதில்லை.

எல்லாவற்றையும் விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. அவசரமாகச் சில:

பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் இன்னொருவரின் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். உங்கள் கணக்கில் "Appear offline" போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உங்கள் பக்கம் சரியாக இருந்தும் அழைப்பு வரவில்லை என்றால், எதிர்ப்பக்கத்துக் கணக்கிலும் இதே இரண்டு வரிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே அடைத்திருந்தாலும் வராது.

வீட்டு ரூட்டர் கன்சோலை வெளி இணையத்தோடு இணைக்கும் முறையான "NAT" சரியில்லை என்று யாராவது பயமுறுத்தலாம். "Strict" என்று காட்டினால் சேர்ந்து விளையாடவும் பேசவும் தடங்கல் வரும், அது உண்மை. ஆனால் ஆன்லைன் நிலை தெரியாமல் போவதற்கு அது காரணம் இல்லை.

சிறுவர் கணக்கில் "Everybody" என்று வைத்துவிடாதீர்கள், "Friends" போதும்.

கடையில் கணக்குத் திறந்து தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே திறந்து கொடுத்திருந்தால், குடும்பக் குழுவில் பொறுப்பாளராக யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்று இரவே பாருங்கள்.