2 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினிக்கு எந்த லினக்ஸ்: பப்பியா, ஆன்டிஎக்ஸா, லுபுண்டுவா, டெபியனா?

எங்கள் வீட்டில் 2009 வாக்கில் வாங்கிய ஒரு மடிக்கணினி இருக்கிறது. கோர் 2 டுவோ செயலி, 2 ஜிபி டிடிஆர்2 நினைவகம், பழைய சுழலும் வன்தட்டு. விண்டோஸ் 10 இருந்த காலத்தில் பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தாலே வன்தட்டின் விளக்கு அணையாமல் எரியத் தொடங்கும். சிறிது நேரத்தில் சுட்டி நகராது. கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. நினைவகம் நிரம்பியதும் இயங்குதளம் அதன் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றுகிறது. வன்தட்டு மிக மெதுவானது என்பதால், மாற்றி எழுதுவதும் திரும்பப் படிப்பதுமே முழுநேர வேலையாகிவிடுகிறது.

லினக்ஸுக்கு மாறும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ள வேண்டும். நினைவகப் பற்றாக்குறையால் வரும் முடக்கம் படிப்படியாக வரும். வன்தட்டு சும்மா இருக்கும்போதே கணினி சட்டென்று உறைந்தாலோ தானாக மறுதொடக்கம் ஆனாலோ, நினைவகச் சில்லே பழுதாகியிருக்கலாம். மெம்டெஸ்ட்86+ நிரலை யுஎஸ்பியில் ஏற்றி ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டால் தெரிந்துவிடும். அதில் பிழை காட்டினால் எந்த லினக்ஸும் உதவாது. சில்லைத்தான் மாற்ற வேண்டும்.

இத்தகைய கணினிகளுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுபவை பப்பி, ஆன்டிஎக்ஸ், லுபுண்டு ஆகியவை. நான் தேர்ந்தெடுத்தது எல்எக்ஸ்க்யூடி மேசைச்சூழலுடன் கூடிய டெபியன் 13.

நினைவகச் செலவைப் பொறுத்தவரை இவற்றுள் டெபியன் முதலிடத்தில் இல்லை. எதையும் திறக்காத நிலையில் ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய சாளர மேலாளருடன் வரும் ஆன்டிஎக்ஸ் ஏறத்தாழ 200 எம்பியில் நின்றுவிடுகிறது. டெபியனும் எல்எக்ஸ்க்யூடியும் சேர்ந்து அதைப்போல் இரு மடங்கு எடுத்துக்கொள்கின்றன. ஆயினும் ஒரே ஒரு கனமான வலைப்பக்கம் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். அதைவிட அதிக இடத்தை ஸீராம் என்ற வசதி மீட்டுத் தருகிறது. பயன்படாமல் கிடக்கும் நினைவகப் பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்பாமல், சுருக்கி நினைவகத்திலேயே வைத்துக்கொள்வது இதன் வேலை. டெபியனில் அமைக்கும் முறை இது:

```
sudo apt install zram-tools earlyoom
sudo nano /etc/default/zramswap
```

அந்தக் கோப்பில் இந்த இரண்டு வரிகளும் முன்னால் # குறியின்றி இருக்க வேண்டும்:

```
ALGO=lz4
PERCENT=50
```

பிறகு `sudo systemctl restart zramswap` என்று கொடுத்தால் போதும். கோர் 2 டுவோ போன்ற பழைய செயலிக்கு, குறைவாகச் சுருக்கினாலும் விரைவாக வேலைசெய்யும் எல்இசட்4 என்ற சுருக்குமுறை பொருத்தமானது. சில டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு `sudo zramctl` என்று தட்டினால், DATA என்ற பத்தியில் சுருக்குவதற்கு முந்தைய அளவும் COMPR என்ற பத்தியில் சுருக்கியதற்குப் பிந்தைய அளவும் தெரியும். பின்னது முன்னதில் பாதிக்கும் கீழே இருப்பதே வழக்கம். உடன் நிறுவிய எர்லிஊம், நினைவகம் தீரும் தறுவாயில் அதிகம் தின்னும் செயல்முறையை, பெரும்பாலும் ஒரு பிரவுசர் டேப்பை, மூடிவிடுகிறது. ஒரு டேப் போகும். கணினி முழுவதும் உறைந்து நிற்காது.

ஸீராமை மற்ற லினக்ஸ் விநியோகங்களிலும் அமைத்துக்கொள்ளலாம். ஆகவே என் முடிவைத் தீர்மானித்தது நினைவகம் அன்று, பராமரிப்பு. இந்த மடிக்கணினியை அன்றாடம் பயன்படுத்துபவர் என் அம்மா. மின்னஞ்சலும் வங்கித் தளமும் திறக்கும் கணினியில் பாதுகாப்புத் திருத்தங்கள் யாரும் தொடாமலே வந்துசேர வேண்டும். அடுத்த பெரிய பதிப்புக்குப் போகும்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவும் நிலை வரக்கூடாது.

பப்பி இந்த இடத்தில்தான் பின்தங்குகிறது. முழு அமைப்பும் நினைவகத்தில் ஏறி ஓடுவதால் அதன் வேகம் வியக்க வைக்கும். பழுதான கணினியிலிருந்து கோப்புகளை மீட்க அதைவிட வசதியானதை நான் பார்த்ததில்லை. ஆனால் அடிப்படை அமைப்பு மாறாத ஒரு கோப்பாக இருக்க, நாம் செய்யும் மாற்றங்களெல்லாம் தனியே ஒரு சேமிப்புக் கோப்பில் அதன்மேல் அடுக்கப்படுகின்றன. புதுப்பிப்புகளும் அந்தச் சேமிப்புக் கோப்பில்தான் சேர்கின்றன. கருநிரலைப் பிற நிரல்களைப் போல வழக்கமான முறையில் புதுப்பிக்க முடியாது. போதாததற்கு, இயல்பாகவே எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கில் இயங்குகிறது. வங்கித் தளம் திறக்கும் கணினியில் இதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

லுபுண்டு நல்ல தேர்வுதான். மேசைச்சூழலும் அதே எல்எக்ஸ்க்யூடிதான். அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 3 ஆண்டுகள் ஆதரவு உண்டு, 24.04 பதிப்புக்கு 2027 ஏப்ரலில் அது முடிகிறது. எனக்கு இடித்தது ஸ்னாப் தொகுப்பாக வரும் ஃபயர்பாக்ஸ். சுருக்கிவைத்த கோப்பிலிருந்து அது ஒவ்வொரு முறையும் விரிந்து எழ வேண்டியிருப்பதால், சுழலும் வன்தட்டில் முதல் முறை திறக்கக் காத்திருக்க வேண்டும். ஸ்னாப்பைக் கண்காணிக்கும் பின்னணிச் சேவையும் ஒரு நாளில் பலமுறை புதுப்பிப்பைத் தேடுகிறது. இதை நீக்கி மோசில்லாவின் களஞ்சியத்திலிருந்து நிறுவலாம். அப்போது பராமரிக்க வேண்டிய விஷயம் ஒன்று கூடுகிறது.

டெபியனில் ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் பதிப்பு மற்ற நிரல்களைப் போல apt என்ற தொகுப்பு மேலாளர் வழியாகவே வருகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் அவ்வப்போது வந்தாலும் தோற்றமும் அமைப்பும் மாறும் பெரிய பதிப்பு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், "அந்தப் பட்டன் எங்கே போச்சு?" என்று அம்மா கேட்கும் சந்தர்ப்பங்கள் குறைகின்றன. `unattended-upgrades` தொகுப்பை நிறுவி இயக்கிவிட்டால் திருத்தங்கள் தாமாகவே ஏறும். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-க்கு வழக்கமான ஆதரவு 3 ஆண்டுகள். நீண்டகால ஆதரவு 2030 ஜூன் வரை. அதன்பின் அடுத்த பதிப்புக்கு, வெளியீட்டுக் குறிப்பைப் பின்பற்றி இருந்த இடத்திலேயே மேம்படுத்திக்கொள்ளலாம்.

ஆன்டிஎக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். நான் அதை யுஎஸ்பியிலிருந்து மட்டுமே ஓட்டியிருக்கிறேன். ஆகவே நீண்டகாலப் பராமரிப்பில் அது எப்படி என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்வது நியாயமாகாது. 1 ஜிபி நினைவகமே உள்ள கணினி கையில் இருந்தால் முதலில் அதைத்தான் முயல்வேன்.

டெபியனைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். பதிப்பு 13 முதல் `/tmp` கோப்புறை நினைவகத்தில் வைக்கப்படுகிறது. நினைவகத்தில் பாதி வரை அது வளரலாம் என்பதால், பெரிய கோப்பு ஒன்றை அங்கே விரித்தால் 2 ஜிபி கணினி மறுபடியும் திணறும். `sudo systemctl mask tmp.mount` என்று கொடுத்து மறுதொடக்கம் செய்தால் அது வன்தட்டுக்கே திரும்பிவிடும். மற்றொன்று வைஃபை: பழைய பிராட்காம் அட்டைகள் சிலவற்றுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் நிறுவல் வட்டில் இல்லை, நிறுவும்போது ஈதர்நெட் கேபிளை மாட்டிக்கொண்டு பிறகு களஞ்சியப் பட்டியலில் contrib பகுதியை இயக்கி `firmware-b43-installer` தொகுப்பைச் சேர்க்க வேண்டியிருக்கலாம்.

இவை அனைத்தும் 64-பிட் செயலிக்கே பொருந்தும். யுஎஸ்பியிலிருந்து ஏதேனும் ஒரு லினக்ஸை ஏற்றி `lscpu` என்று தட்டினால், CPU op-mode(s) என்ற வரியில் 64-bit இருக்கிறதா என்று பார்க்கலாம். 32-பிட் மட்டுமே என்றால் டெபியன் 13-க்கு நிறுவியே கிடையாது. டெபியன் 12-தான் கடைசி. ஃபயர்பாக்ஸும் 145-ஆம் பதிப்பிலிருந்து 32-பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட கணினியை இணையத்தில் இணைக்காமல், தட்டச்சுக்கோ பாட்டுக் கேட்கவோ வைத்துக்கொள்வதே சரி.