அழைப்புரிமை கொண்ட முறியின் டியூரேஷன்: சூத்திரமா, வளையியை நகர்த்துவதா?

டியூரேஷன் என்பது வட்டிவீதம் ஒரு சதவீதம் மாறினால் முறியின் விலை ஏறத்தாழ எத்தனை சதவீதம் மாறும் என்பதைக் காட்டும் அளவு. கொழும்பில் திறைசேரி முறிகளைக் கையாள்பவர்களுக்கு, முறியின் விளைவுவீதத்திலிருந்து நேரே கிடைக்கும் திருத்திய டியூரேஷனே பெரும்பாலும் போதும், ஏனெனில் அவற்றின் காசோட்டங்கள் வட்டிவீதத்தோடு மாறுவதில்லை. வழங்குநர் முன்கூட்டியே மீட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கம்பனித் தொகுதிக்கடனுக்கு அது பொருந்தாது. அங்கே விளைவு வளையியை மேலும் கீழும் நகர்த்தி, ஒவ்வொரு முறையும் விலையை மீளக் கணித்து, பயனுறு டியூரேஷனைப் பெற வேண்டும்.

```
D = (P₋ − P₊) / (2 × P₀ × Δy)
```

இதில் P₀ இன்றைய விலை, P₋, P₊ என்பவை வீதங்களை Δy அளவு இறக்கியபோதும் உயர்த்தியபோதும் கிடைக்கும் விலைகள்.

முகப்பெறுமதி 100, ஆண்டுக் கூப்பன் 12, முதிர்ச்சி 2 ஆண்டுகள், முதலாண்டு முடிவில் 100க்கு மீட்கும் உரிமை கொண்ட ஒரு கற்பனை முறியை எடுத்துக்கொள்வோம். இன்றைய ஓராண்டு வீதம் 12%. அடுத்த ஆண்டு அது சம வாய்ப்புடன் 14% அல்லது 10% ஆகும். 10% கணுவில், அதாவது வீதம் 10% ஆகும் கிளையில், மீதிப் பெறுமதி 101.82 என்பதால் வழங்குநர் மீட்டுவிடுவார். ஆகவே P₀ 99.22. எல்லா வீதங்களையும் 1% உயர்த்தினால் விலை 97.96, இறக்கினால் 100.50, டியூரேஷன் 1.28. இதே முறிக்கு 12% விளைவில் சூத்திரம் தரும் 1.69, மீட்புரிமையையே காணாத எண். அதை நம்பி, வட்டிவீத இடரை ஈடுசெய்ய வேறு முறிகளை விற்பவர் தேவைக்கு மேல் விற்றுவிடுவார்.

நகர்வின் அளவில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. 1 அடிப்படைப் புள்ளி, அதாவது 0.01%, மட்டும் நகர்த்தி, விலைகளை இரு தசமங்களுக்கு முழுமையாக்கினால் 99.23, 99.20 கிடைத்து, டியூரேஷன் 1.51 என வந்துவிடும். முழுமையாக்கப் பிழை விலை மாற்றத்தையே விழுங்கிவிடுகிறது. 300 அடிப்படைப் புள்ளிகளில் விலைகள் 95.15, 102.75 ஆகி, டியூரேஷன் மீண்டும் 1.28. பார்ப்பவர் திருப்தியடைவார், ஆனால் இந்தச் சராசரி இரண்டு வேறு நடத்தைகளை மறைக்கிறது. உயர்வுப் பக்கம் தனியாக 1.37, இறக்கப் பக்கம் 1.19. வீதம் குறையும்போது இரு கணுக்களிலும் முறி மீட்கப்படுவதால் விலை ஏற்றம் தடுக்கப்படுகிறது. கூடும்போது எந்தக் கணுவிலும் மீட்பு நிகழாததால் வீழ்ச்சிக்கு அத்தகைய தடையில்லை. 100 புள்ளி நகர்வில் மீட்பு முடிவு எந்தக் கணுவிலும் மாறாததால் இந்த வளைவு தென்படவே இல்லை. எனவே என் விருப்பம், ஓர் எண்ணைத் தேர்வதைவிட, நடுத்தர நகர்வொன்றையும் பெரிய நகர்வொன்றையும் எடுத்து, இரு பக்கங்களையும் தனித்தனியே எழுதிவைப்பதுதான். நேரம் இல்லாதவர்கள் குறைந்தது 100 புள்ளியின் இருபக்க மதிப்பையாவது பயன்படுத்தலாம்.

ஒரு எச்சரிக்கை: மீட்பு முடிவை ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் புதிதாக எடுக்க வேண்டும். முதல் கணக்கின் முடிவையே உறையவைத்தால் 300 புள்ளி இறக்கத்தில் விலை 103.17 என்று வரும், டியூரேஷனோ 1.28 ஆகவே நிற்கும். ஆகவே அந்த எண்ணைப் பார்த்துப் பிழையைப் பிடிக்க முடியாது. மீட்பு நாளில் கூப்பன் நீங்கிய பெறுமதி ஏதாவதொரு கணுவில் 100ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால் பிடிபடும்.